மூன்று நாள் எபிசோட்: ஒரு கிளிப் ஷோவின் வரவு செலவு

"ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்" தொடரின் இரண்டாவது சீசன் 1989 ஜூலையில் முடிந்தது. கடைசி எபிசோடின் பெயர் "ஷேட்ஸ் ஆஃப் கிரே". விண்கலத்தின் துணைத் தளபதி ரைக்கரின் காலில் ஒரு கிரகத்துச் செடியின் முள் குத்துகிறது. விஷம் போல ஏதோ நரம்பில் ஏறுகிறது. அவரை மருத்துவ அறையில் படுக்க வைக்கிறார்கள். அதன் பிறகு அவர் மயக்கத்திலேயே கிடக்க, முந்தைய எபிசோடுகளின் காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக அவருடைய நினைவுகளாக ஓடுகின்றன. கடைசியில் கண் விழிக்கிறார். அவ்வளவுதான் கதை.

ரசிகர்கள் போடும் "மோசமான எபிசோட்" பட்டியல்களில் இது இன்றுவரை இடம்பிடித்துக்கொண்டே இருக்கிறது. இதை எழுதியவர்களில் ஒருவரான மாரிஸ் ஹர்லியே பின்னாளில் இதைப் படுமோசம் என்றுதான் சொன்னார். ஆனால் தயாரிப்பாளரின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் இது தோல்வியே அல்ல. எதற்காக எடுக்கப்பட்டதோ அதைச் சரியாகச் செய்து முடித்த எபிசோட் இது. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாகின்றன என்பதைப் பார்த்தால், கிளிப் ஷோ என்ற வகையே புரிந்துவிடும்.

பழைய எபிசோடுகளிலிருந்து துண்டுகளை வெட்டி எடுத்து, நடுநடுவே கொஞ்சம் புதுக் காட்சிகளை வைத்துத் தைத்துத் தரும் எபிசோடைத்தான் கிளிப் ஷோ என்கிறோம். நண்பர்கள் ஓர் அறைக்குள் மாட்டிக்கொண்டு பழைய கதை பேசுவார்கள், ஒருவர் மருத்துவமனையில் கிடப்பார், வழக்கு விசாரணை நடக்கும். இந்தப் புதுக் காட்சிகளைச் சட்டகக் கதை என்று வைத்துக்கொள்வோம். படத்துக்குச் சட்டம் போடுவது போல, பழைய துண்டுகளைச் சுற்றிப் போட்ட கதை அது.

கடன் எங்கே ஏறியது

இரண்டாவது சீசன் தொடக்கத்திலேயே தடுமாறியது. 1988 மார்ச் 7 முதல் ஆகஸ்ட் 7 வரை அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கையில் ஸ்கிரிப்ட் இல்லாத நிலையில், 1970களில் எடுக்கத் திட்டமிட்டுக் கைவிடப்பட்ட ஒரு ஸ்டார் ட்ரெக் தொடருக்காக எழுதி வைத்திருந்த கதையைத் தூசி தட்டித் திருத்தி, அதை வைத்து நவம்பரில் சீசனைத் தொடங்கினார்கள். முதல் சீசனில் 26 எபிசோடுகள் வந்தன. இரண்டாவதில் 22தான்.

அந்த 22இல் இரண்டு எபிசோடுகள் பணத்தை விழுங்கின. ஒன்று "எலிமெண்டரி, டியர் டேட்டா". விண்கலத்துக்குள் ஷெர்லாக் ஹோம்ஸ் காலத்து லண்டனைக் கொண்டுவந்த கதை என்பதால் தெரு, வீடு, உடை என்று எல்லாமே புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. இன்னொன்று மே மாதம் வந்த "க்யூ ஹூ". போர்க் என்ற எதிரி இனம் முதல்முறையாகத் தலைகாட்டியது இதில்தான். பாதி மனிதன், பாதி இயந்திரமாக வரும் அந்த உருவங்களுக்கு உடையும் ஒப்பனையும் புதிதாக உருவாக்கினார்கள். கனசதுரமாக மிதக்கும் அவர்களுடைய கலத்தை வெளியிலும் உள்ளேயும் காட்டினார்கள். அதற்குச் சிறப்புக் காட்சிகள் ஏராளமாகத் தேவைப்பட்டன. இரண்டையும் இயக்கியவர் ராப் போமன். "க்யூ ஹூ"வை எழுதியவர் மாரிஸ் ஹர்லி.

இவற்றுக்குக் கூடுதல் பணம் கொடுத்தது பாரமவுண்ட் ஸ்டூடியோ. சும்மா கொடுக்கவில்லை. இங்கே கூடுதலாகத் தருகிறோம், வேறோர் இடத்தில் மிச்சம் பிடித்துக் காட்டுங்கள் என்பதுதான் ஏற்பாடு. சீசன் முடிகிற நேரத்தில் ஸ்டூடியோ கணக்கைக் கேட்டது. மூன்றே நாளில் முடிகிற ஓர் எபிசோட் வேண்டும் என்றது. இது இந்தத் தொழிலில் ஏற்றுக்கொள்ளப்பட்ட நடைமுறைதான் என்று போமனும் பின்னர் பேட்டியில் விளக்கினார்.

அந்தக் கடனை அடைக்க உட்கார்ந்தவர்களைக் கவனியுங்கள். "ஷேட்ஸ் ஆஃப் கிரே"வின் இயக்குநர் அதே ராப் போமன். கதை அதே மாரிஸ் ஹர்லி, திரைக்கதையில் அவருடன் ரிச்சர்ட் மேனிங், ஹான்ஸ் பீம்லர். தாராளமாகச் செலவு செய்து தொடரின் மறக்க முடியாத எதிரியைப் படைத்த அதே கைகள், அந்தச் செலவை ஈடுகட்ட ஒரு மனிதனைக் கட்டிலில் படுக்க வைத்தன. திறமைக் குறைவால் மோசமான எபிசோட் வந்தது என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் நினைவூட்டுவேன்.

மிச்சம் எங்கே பிடிபடுகிறது

ஒரு மணிநேரத் தொடரின் செலவில் பெரும்பகுதியை நிர்ணயிப்பது எத்தனை நாள் ஷூட்டிங் என்பதுதான். கேமரா, ஒளி, ஒலி, ஒப்பனை, உடை, தச்சு, மின்சாரம், சாப்பாடு, வண்டி எல்லாமே நாள் கணக்கில் ஓடுபவை. ஒரு நாளைக் குறைத்தால் இவை அத்தனையும் சேர்ந்து குறைகின்றன. இந்தத் தொடரில் ஓர் எபிசோடுக்கு வழக்கமாக ஏழெட்டு நாள் பிடிக்கும்.

ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். விளம்பரங்களைக் கழித்தால் எபிசோட் சுமார் 46 நிமிடம். ஏழெட்டு நாளில் 46 நிமிடம் என்றால், ஒரு நாள் உழைப்பில் திரைக்கு வருவது ஆறு நிமிடம், மிஞ்சினால் ஆறரை. மூன்று நாள் மட்டும் தந்தால் புதிதாகக் கிடைப்பது இருபது நிமிடத்துக்குப் பக்கம். மீதி இருபத்தைந்து நிமிடத்தைப் பழைய காட்சிகள்தான் நிரப்பியாக வேண்டும். ஒரு நல்ல கதையில் சில நினைவுகளைச் சேர்க்கலாமே என்று யாரும் யோசித்து இந்த வடிவத்துக்கு வரவில்லை. மூன்று நாள் என்ற எண் முதலில் வந்தது. மற்றதெல்லாம் அதிலிருந்து பிறந்தது.

அடுத்து, எங்கே எடுப்பது என்ற கேள்வி. விண்கலத்தின் மருத்துவ அறை, கட்டுப்பாட்டுத் தளம், ஆட்களை ஒளிக்கற்றையாக்கி இடம் மாற்றும் அறை மூன்றும் நிரந்தரமாகப் போட்டு வைத்திருந்த செட்டுகள். புதிதாக ஓர் ஆணிகூட அடிக்கத் தேவையில்லை. முள் குத்துகிற கிரகமும் ஸ்டூடியோவுக்குள்ளேயே செடி கொடியும் புகையும் வைத்து எடுத்ததுதான். வெளிநடிகர்கள் கிட்டத்தட்ட இல்லை. பழைய துண்டுகளில் வரும் அன்னியக் கிரகங்கள், சண்டைகள், விண்வெளிக் காட்சிகள் எல்லாம் ஏற்கெனவே செலவு செய்து முடித்தவை. ரைக்கருடைய நினைவில் ஓர் அரக்கன் வந்தால், அந்த அரக்கனுக்கான பணம் போன வருஷமே கொடுத்தாகிவிட்டது.

ஆனால் பழைய காட்சி என்றால் இலவசம் என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவில் நடிகர், எழுத்தாளர், இயக்குநர் சங்கங்களின் ஒப்பந்தப்படி, ஒரு துண்டை வேறு எபிசோடில் மறுபடி பயன்படுத்தினால் அதில் பங்குள்ளவர்களுக்குப் பணம் தர வேண்டும். எடிட்டிங் மேசையில் வேலையும் கூடுகிறது, ஏனென்றால் ஒருவர் உட்கார்ந்து இரண்டு சீசனையும் அலசிப் பொருத்தமான துண்டைத் தேட வேண்டும். இவ்வளவையும் கழித்துப் பார்த்தாலும், நான்கைந்து நாள் ஷூட்டிங்கை மிச்சப்படுத்துவதன் பக்கத்தில் இது சிறிய தொகைதான். துண்டுகளில் வெளிநடிகர்கள் அதிகமாக இருந்தால் லாபம் சுருங்கும். அதனால்தான் கிளிப் ஷோக்கள் பெரும்பாலும் நிரந்தர நடிகர்கள் இருக்கும் காட்சிகளையே தேடிப் பிடிக்கின்றன.

வருமானம் குறையவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தத் தொடர் நாடு தழுவிய ஒரே சேனலில் வரவில்லை. பாரமவுண்ட் அதை ஊர் ஊராக உள்ள நிலையங்களுக்கு நேரடியாக விற்றது. நிலையத்துக்கு வேண்டியது சொன்ன எண்ணிக்கையில் எபிசோடுகள். விளம்பரதாரருக்கு வேண்டியது அந்த நேரத்தில் பார்வையாளர்கள். எபிசோடில் பாதி பழசு என்பதற்காக இருவரும் உடனே பணத்தைக் குறைக்கப் போவதில்லை.

கட்டிலில் கிடந்த மனிதன்

இனி எபிசோடுக்குள் போவோம். ரைக்கரின் உடலுக்குள் போன நுண்ணுயிர் நரம்பு வழியாக மூளையை நோக்கி ஏறுகிறது. மருத்துவர் புலாஸ்கி அவர் தலையில் ஊசிகளைச் செருகி மூளையைத் தூண்டிக்கொண்டே இருக்கிறார். தூண்டினால் நினைவுகள் வருகின்றன. இனிமையான நினைவு வந்தால் நுண்ணுயிர் வேகமாக வளர்கிறது. துயரமும் அச்சமும் வந்தால் பின்வாங்குகிறது. ஆகவே அவருக்குக் கெட்ட நினைவுகளை வரவழைக்க வேண்டும் என்று முடிவெடுக்கிறார்கள்.

எடிட்டிங் கண்ணால் பார்த்தால் இதில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. துண்டுகளை உணர்ச்சி வாரியாகப் பிரித்து அடுக்க இது வசதி செய்து தருகிறது. முதலில் சாதாரணமான சந்திப்புகள், பிறகு காதல் காட்சிகள், பிறகு சக அதிகாரி டாஷாவின் மரணம், கடைசியில் வெடிப்பும் சண்டையும் உயிர்ப் பயமும் வெட்டி வெட்டி வேகமாக வருகின்றன. கிளிப் ஷோக்களில் வழக்கமாக வரும் "உனக்கு அது ஞாபகம் இருக்கிறதா?" என்ற வசனமே இங்கே தேவைப்படவில்லை.

அப்படியிருந்தும் எபிசோட் ஏன் எழுந்து நிற்கவில்லை? ரைக்கருக்குச் செய்வதற்கு எதுவும் இல்லை. கதையின் நாயகன் மயக்கத்தில் கிடக்கிறார். அவர் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை, எதையும் எதிர்த்துப் போராடுவதில்லை. புலாஸ்கியும் ஆலோசகர் டிராயும் கட்டிலருகே நின்று திரையைப் பார்க்கிறார்கள், அளவு ஏறுகிறது என்கிறார்கள், இறங்குகிறது என்கிறார்கள். டாஷாவின் மரணம் முதல் சீசனில் வந்தபோது அது ஒரு மரணம். இங்கே அதே காட்சி நுண்ணுயிரை விரட்டுகிற மருந்தின் ஒரு வேளை அளவு. டாஷாவை நினைப்பதால் ரைக்கருக்குள் ஏதும் மாறுவதில்லை, விழித்தெழுந்த பிறகு அவர் அதைப் பற்றிப் பேசுவதும் இல்லை.

முகத்திலேயே ஒரு சிறிய விஷயம் தெரியும். முதல் சீசனில் ரைக்கருக்குத் தாடி கிடையாது, இரண்டாவதில் உண்டு. கட்டிலில் கிடப்பவர் தாடிக்காரர். நினைவுகளில் ஒருகணம் மழித்த முகம், மறுகணம் தாடி. இந்த நினைவுகளில் அவரை நாம் எப்போதும் வெளியிலிருந்தே பார்க்கிறோம். யாரும் தன் நினைவில் தன் முகத்தைப் பார்ப்பதில்லை. கதை நம்மை உள்ளே இழுத்தால் இதையெல்லாம் கண் கவனிக்காது. இழுக்காதபோது கண் வேலையில்லாமல் தையலை எண்ண ஆரம்பிக்கிறது.

இன்னொரு வருத்தம் எனக்கு உண்டு, அதை இங்கே சொல்லிவிட வேண்டும். புலாஸ்கியாக டயானா மல்டார் நடித்த கடைசி எபிசோட் இது. அடுத்த சீசனில் பழைய மருத்துவர் திரும்பி வந்துவிட்டார். ஒரு வருஷம் முழுக்க அந்தக் கலத்தில் இருந்த பாத்திரத்துக்கு ஒரு விடைபெறல்கூட இல்லை. கடைசியாக நாம் அவரைப் பார்ப்பதும் ரைக்கரின் கட்டிலருகேதான்.

எழுதுபவர் ஏன் வெறுக்கிறார்

வழக்கமாக எழுத்தாளர் ஒரு பாத்திரத்துக்கு என்ன வேண்டும் என்று யோசித்துக் காட்சியை உருவாக்குவார். கிளிப் ஷோவில் காட்சி முன்பே இருக்கிறது, அதற்குப் போய்ச் சேர ஒரு சாக்கை அவர் கண்டுபிடிக்க வேண்டும். அந்தச் சாக்கும் எதையும் மாற்றிவிடக் கூடாது. பெரிய திருப்பம் என்றால் புதுச் செட் வரும், புது நடிகர் வருவார், நாள் கூடும். ஆக எழுத்தாளருக்குக் கிடைக்கும் கட்டளை எதுவும் நடக்காத ஒரு கதையை எழுது என்பதுதான். எழுத்தைத் தொழிலாக வைத்திருப்பவருக்கு இதைவிடக் கசப்பான கட்டளை இருக்க முடியாது. அதோடு, அவருடைய இருபது நிமிடத்தைச் சக எழுத்தாளர்கள் உருவாக்கிய சிறந்த இருபத்தைந்து நிமிடத்தின் பக்கத்திலேயே வைத்துக் காட்டுகிறார்கள்.

இந்தக் கசப்பை எழுத்துப்பூர்வமாகவே பார்க்க வேண்டுமானால் "தி சிம்ப்சன்ஸ்" தொடருக்குப் போகலாம். 1995இல் வந்த அதன் 138வது எபிசோட் ஒரு கிளிப் ஷோ. எழுதிய ஜான் விட்டியும் இயக்கிய டேவிட் சில்வர்மனும் தங்கள் பெயரைப் போட விரும்பவில்லை. எழுத்தாளர் இடத்தில் "பென்னி வைஸ்" என்றும் இயக்குநர் இடத்தில் "பவுண்ட் ஃபூலிஷ்" என்றும் போட்டார்கள். காசில் கெட்டி, பவுனில் ஊதாரி என்று பொருள்படும் ஆங்கிலப் பழமொழியை இரண்டாக உடைத்த பெயர்கள் அவை. தொலைக்காட்சியில் பெயர் திரையில் வருவதுதான் எழுத்தாளரின் அடுத்த வேலைக்கான சான்று. அதையே வேண்டாம் என்று வைத்தார்கள் என்றால் எவ்வளவு வெறுத்திருப்பார்கள்!

பழைய காட்சி என்பதுதான் குற்றமா

இல்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன். அதற்குச் சாட்சி அதே ஸ்டார் ட்ரெக் குடும்பத்திலேயே இருக்கிறது. 1964இல் முதல் ஸ்டார் ட்ரெக் தொடருக்காக "தி கேஜ்" என்ற மாதிரி எபிசோடை எடுத்தார்கள். என்பிசி நிறுவனம் அதை ஏற்கவில்லை. 1966இல் பெரும்பாலும் வேறு நடிகர்களோடு தொடர் ஓடத் தொடங்கியபோது ஸ்கிரிப்டும் சிறப்புக் காட்சிகளும் ஒளிபரப்புத் தேதிக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கின. அப்போது அலமாரியில் கிடந்த "தி கேஜ்" படச்சுருளை எடுத்து, சுற்றிலும் புதுக் கதை எழுதி, "தி மெனாஜரி" என்ற இரண்டு பாக எபிசோடாக்கி நவம்பரில் ஒளிபரப்பினார்கள். நோக்கம் அங்கேயும் சிக்கனமும் நேர நெருக்கடியும்தான். அடுத்த ஆண்டு அது அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருதை வாங்கியது.

வித்தியாசம் எங்கே? அந்தப் பழைய காட்சிகளை மக்கள் அதுவரை பார்த்ததில்லை என்பது முதல் காரணம், அதை மறைக்க முடியாது. ஆனால் சட்டகக் கதையையும் பாருங்கள். விண்கலத்தின் துணைத் தளபதி ஸ்பாக் அந்தக் கலத்தையே கடத்துகிறார். மரண தண்டனை கிடைக்கும் என்று தெரிந்தே, தடைசெய்யப்பட்ட ஒரு கிரகத்துக்குப் போகிறார். இராணுவ விசாரணை நடக்கிறது, பழைய காட்சிகள் அங்கே சாட்சியமாகத் திரையில் ஓடுகின்றன. ஸ்பாக் ஏன் இப்படிச் செய்தார் என்ற கேள்விக்கு ஒவ்வொரு துண்டும் கொஞ்சம் பதில் சொல்கிறது. துண்டு முடிந்து நிகழ்காலத்துக்குத் திரும்பும்போது நாம் முன்பைவிட அதிகம் தெரிந்தவர்களாகத் திரும்புகிறோம்.

ஒரு கிளிப் ஷோ தேறுமா என்று பார்க்க நான் இதைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறேன். துண்டுக்கு முன்பும் பின்பும் உள்ள புதுக் காட்சிகளை மட்டும் ஒட்டிப் பார்க்க வேண்டும். இடையில் இருந்ததை எடுத்துவிட்டாலும் கதை குறையில்லாமல் ஓடினால், துண்டு வெறும் நிரப்புதான். "ஷேட்ஸ் ஆஃப் கிரே"யில் அப்படி ஓடும்.

ரசிகரின் கோபத்துக்குக் காலமும் ஒரு காரணம். பழைய எபிசோடைத் திரும்பப் பார்க்க வழியே இல்லாத நாட்களில், ஒரு கிளிப் ஷோ பார்வையாளருக்கு உண்மையிலேயே ஏதோ கொடுத்தது. 1989இல் அமெரிக்க வீடுகளில் வீடியோ ரெக்கார்டர் சாதாரணமாகிவிட்டது, மறுஒளிபரப்பும் தாராளம். இந்தத் தொடரின் ரசிகர்கள் காட்சிகளை மனப்பாடமாக வைத்திருந்தவர்கள். வயதும் ஒரு பிரச்சினை. தொடருக்கு அப்போது இரண்டு வயதுதான், நினைத்துப் பார்க்கும் அளவுக்கு எதுவும் பழையதாகியிருக்கவில்லை. போதாக்குறைக்கு இதைச் சீசனின் கடைசி எபிசோடாக வைத்தார்கள். இரண்டு மாதத்துக்கும் மேலான இடைவெளிக்கு முன் ரசிகர் கையில் கடைசியாகக் கொடுத்து அனுப்பியது இதுதான்.

அடுத்த முறை அதே கணக்கு வந்தபோது

போர்க்குக்காகச் செலவழித்தது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். 1990 ஜூனில் மூன்றாவது சீசன் முடிந்தபோது போர்க் திரும்பி வந்தது. "தி பெஸ்ட் ஆஃப் போத் வேர்ல்ட்ஸ்" என்ற அந்த எபிசோட் தொடரின் உச்சங்களில் ஒன்று. அந்தக் கடனை வாங்காமல் இருந்திருந்தால் அது வந்திருக்காது. பிழை திருப்பிக் கட்டிய விதத்தில்தான் இருந்தது.

நான்காவது சீசனிலும் பட்ஜெட் எகிறியது. மறுபடியும் கிளிப் ஷோ பேச்சு வந்தது. இம்முறை தலைமை எழுத்தாளர் மைக்கேல் பில்லரும் தயாரிப்பாளர் ரிக் பெர்மனும் சம்மதிக்கவில்லை. கிளிப் ஷோ இல்லாமலே அதே மிச்சத்தைப் பிடித்துக் காட்டுவதாகச் சொன்னார்கள். இருக்கிற செட்டுகளுக்குள்ளேயே முழுக்க முழுக்கப் பேச்சாக நடக்கிற ஒரு கதையை ஜெரி டெய்லர் எழுதினார். "தி டிரம்ஹெட்" என்ற அந்த எபிசோட் 1991 ஏப்ரலில் வந்தது, பட்ஜெட்டுக்குள்ளேயே முடிந்தது. ஏழு சீசன்கள், 178 எபிசோடுகள் ஓடிய இந்தத் தொடரில் இரண்டாவது கிளிப் ஷோ வரவே இல்லை.

"தி டிரம்ஹெட்"டை இயக்கியவர் ஜானதன் ஃப்ரேக்ஸ். இரண்டு வருஷத்துக்கு முன் தலையில் ஊசிகளோடு கட்டிலில் கிடந்த அதே ரைக்கர்தான். கதை ஓர் அறையில் நடக்கும் விசாரணை. சதிகாரர்களைத் தேடுகிறேன் என்று கிளம்பிய ஓர் அட்மிரல், தன் பரம்பரையைப் பற்றிப் பொய் சொன்ன ஓர் இளம் ஊழியனைப் பிடித்து ஆட்டி, கடைசியில் கேப்டன் பிக்கார்டையே கூண்டில் ஏற்றுகிறார். பிக்கார்ட் எழுந்து அந்த அட்மிரலின் தந்தை சொன்ன வார்த்தைகளை அவருக்கே எடுத்துச் சொல்கிறார். அவர் நிதானம் இழந்து கத்துகிறார். அறையில் இன்னோர் அதிகாரி உட்கார்ந்திருக்கிறார், விசாரணையைக் கவனிக்க வந்தவர், ஒரு வார்த்தை பேசாதவர். அவர் எழுகிறார், யாரையும் பார்க்காமல் நடந்து வெளியே போகிறார், கதவு மூடுகிறது. மேசை, நாற்காலிகள், நடந்து போகும் ஒரு மனிதர். விசாரணை முடிந்துவிட்டது என்று அறையில் எல்லோருக்கும் புரிகிறது.